கையுறைக்குள் எழுதிய விலை

இசோக்கென் கையுறை போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்வாள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, காகிதத்தால் ஒற்றி, இடது கைப் பெருவிரலுக்குக் கீழே சதை மேடாக இருக்கும் இடத்தில் நீலப் பேனாவால் நான்கு இலக்கம் எழுதுவாள். எழுதியதும் வாயால் ஊதுவாள். மை காய்ந்தபின் அதன்மேல் ரப்பர் உறையை இழுத்து விட்டுக்கொள்வாள். அப்புறம் யாருக்கும் அது தெரியாது. பத்துப் பதினைந்து முறை உறை மாற்றி, அத்தனை முறையும் கை கழுவி, மூன்று மணிக்கு வேலை முடியும்போது அந்த இடத்தில் ஒரு நீல நிழல்தான் மிஞ்சியிருக்கும். மறுநாள் காலை அதே இடத்தில் புது எண்.

அந்த எண், ஒரு அமெரிக்க டாலருக்கு அன்றைக்கு அவள் ஊர்ப் பணமான நைரா எத்தனை என்பது.

சொந்த ஊரான பெனின் நகரத்திலிருந்து அவள் தம்பி நோசா காலை ஆறே முக்காலுக்கு அனுப்புவான். அவனுக்கு அப்போது மதியம் ஒன்றே முக்கால். மிஷன் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உயியிடம் கேட்டு எழுதுவான். ரிப்பேர் என்பது பலகைக்கு. உயியின் பிழைப்பு காயின் வாங்கி விற்பது. கனடாவில், அவள் வேலை பார்க்கும் வினிப்பெக்கின் முதியோர் இல்லத்தில், பின்கதவுக்குப் பக்கத்தில் பூட்ஸ் கழற்றும் பெஞ்சில் உட்கார்ந்து, இசோக்கென் அந்த எண்ணைத் தன் காயின்களால் பெருக்குவாள். அவள் சேமிப்பு முழுவதும் டாலர் காயினில் இருந்தது. செல்போனிலேயே வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் பணம், ஸ்டேபிள்காயின் என்பார்கள். ஒரு காயின் ஒரு டாலர் என்று நின்ற இடத்திலேயே நிற்கும், ஏறாது, இறங்காது. ஏறி இறங்குவதெல்லாம் அவள் ஊர்ப் பணம்.

வந்த புதிதில் சம்பளம் கிடைத்த கையோடு நைராவாக மாற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அனுப்பிய பணம் வங்கியில் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பணத்துக்கு முன்பு கிடைத்த சிமெண்டில் பாதிதான் இப்போது கிடைத்தது. அன்றைக்கு முடிவு செய்தாள். செலவுக்கு மட்டும் நைரா, சேமிப்பு காயினில். இருபது மாதம். உடம்பு துடைத்து, தாடி மழித்து, படுக்கைத் துணி மாற்றி, ஆறாயிரத்து இருநூறு காயின்.

பெருக்கி வரும் தொகை மாதாமாதம் வளர்ந்தது. போன ஜூனில் இருபத்தொன்பது லட்சம். ஜனவரியில் எழுபத்திரண்டரை லட்சம். அவள் சேர்த்ததால் வளர்ந்தது கொஞ்சம். நைரா விழுந்ததால் வளர்ந்தது மிச்சம். அவளோ முழுவதையும் ‘லாபம்’ என்றே எண்ணினாள். பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வார்த்தை கோட்டுக்குள் கதகதப்பாக இருந்தது.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை நோசா எண்ணை அனுப்பியதோடு நிற்கவில்லை. போனே செய்தான்.

“அக்கா, ஐக்பே சார் வீட்டை விக்கப்போறாராம்.”

“எந்த வீட்டை?”

“நம்ம வீட்டைத்தான். வேற எத்தனை வீடு வச்சிருக்காரு மனுஷன்?”

ஐக்பே சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெனினில் உசெலு பகுதியில் அவருடைய வீட்டில் இசோக்கெனின் அம்மா பதினாறு வருடமாகக் குடியிருந்தாள். முன்னறையில் அம்மாவின் தையல் மிஷின். அந்தத் தெருவில் பாதிப் பள்ளிச் சீருடை அந்த அறையில் தைத்ததுதான். வீடு கைமாறினால் மிஷின் தெருவுக்கு வரும்.

“எவ்வளவு சொல்றாரு?”

“தொண்ணூத்தஞ்சு லட்சம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குள்ள முழுசா வரணுமாம். ஒரு பைசா குறைக்க மாட்டேன்றாரு. ஆனா முதல்ல நமக்குத்தான் சொல்லியிருக்காரு. நாம இல்லேன்னா அசாபாக்காரன் ஒருத்தன், மரக்கடை வச்சிருக்கான், ரொக்கத்தோட நிக்கிறான்.”

அன்றைக்குக் கையில் எழுதிய எண் 1,727. அவள் பெருக்கினாள். ஒரு கோடியே ஏழு லட்சம். நெஞ்சில் ஏதோ திறந்துகொண்டது போல இருந்தது.

“நோசா, பணம் இருக்குடா.”

“ஷ்ஷ்! போன்ல சத்தமா சொல்லாத. இங்க எவன் காதுல விழும்னு தெரியாது.”

அது சும்மா சொன்ன பேச்சில்லை. அந்த மாதம் ஊரில் டாலர் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொன்னார்கள். டாலர் மாற்றுகிற தெருக்களில் போலீஸ் புகுந்து ஆட்களை வண்டியில் ஏற்றியது. காயின் விற்றவர்களின் வங்கிக் கணக்கு முடங்குகிறது என்று பேச்சு. வெளிநாட்டுப் பணம் இருக்கிற வீடு என்று தெரிந்தால், போலீஸுக்கு முன்னால் கடத்தல்காரன் வருவான். அதனால் ‘மகள் மாசாமாசம் அனுப்புறா’ என்பதற்கு மேல் அம்மா யாரிடமும் ஒரு சொல் விட்டதில்லை. எதில் சேர்க்கிறாள், எவ்வளவு என்பது அம்மாவுக்கே பாதிதான் தெரியும். வீட்டுக்காரரிடமும் “ஈஸ்டருக்குள்ள குடுத்துடுறோம் சார்” என்று மட்டுமே சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார். எதற்காக விற்கிறார் என்று அவரும் சொல்லவில்லை.

இரண்டு நாளில் எண் 1,850 ஆனது.

ஆறாயிரத்து இருநூறை அதனால் பெருக்கினால் ஒரு கோடியே பதினாலு லட்சத்து எழுபதாயிரம். வீட்டு விலை போக கிட்டத்தட்ட இருபது லட்சம் மிச்சம். இசோக்கென் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தாள். இரண்டு நாள் முன்பு இருந்த அதே காயின்கள்தான். ஒன்றுகூடக் கூடவில்லை. தொகை மட்டும் ஏழரை லட்சம் கூடியிருந்தது.

“அக்கா, இதைத்தான் கடவுள் குடுக்கிறதுன்னு சொல்றது,” என்றான் நோசா. “நீ தூங்கி எந்திரிச்ச. ஏழரை லட்சம்! நான் ஏழு மாசம் ஊர் சுத்தினாலும் வராது.”

“உனக்கு என்னடா வேணும், நேரா சொல்லு.”

“நான் ஒண்ணும் கேக்கலையே... ஒரு கேகே வண்டி வருது. மூணு சக்கரம். பழசுதான். பன்னெண்டு லட்சம். லாபத்துலருந்துதானே அக்கா. அசல்ல கை வைக்கலையே.”

அவள் சிரித்துவிட்டாள். லாபத்திலிருந்துதானே. அறுநூற்றைம்பது காயினை உயிக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் நோசாவின் கணக்கில் பன்னிரண்டு லட்சத்து இரண்டாயிரத்து ஐந்நூறு விழுந்தது. அன்று மாலையே அம்மாவை மஞ்சள் கேகேயில் உட்கார வைத்துப் படம் அனுப்பினான். அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள்.

அவளிடம் மிஞ்சியது ஐயாயிரத்து ஐந்நூற்றைம்பது காயின். அன்றைய விலைக்கு ஒரு கோடியே இரண்டு லட்சம் சொச்சம். வீடு இன்னமும் கைக்குள்தான் இருந்தது. அன்றே எல்லாவற்றையும் விற்று ஐக்பே சாரிடம் தொண்ணூற்றைந்து லட்சத்தைக் கொடுத்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியே வந்திருக்காது.

“கொடுத்துடலாமா?” என்று அவளே கேட்டாள்.

“உயி என்ன சொல்றான்னா, அடுத்த வாரம் ரெண்டாயிரம். ஊரே சொல்லுது. அவருக்குக் குடுக்க வேண்டியது நைரா. அது நாளுக்கு நாள் இளைக்குது. இன்னிக்குக் குடுத்தா நமக்கு வீட்டு விலை ஐயாயிரத்து நூத்தி முப்பத்தஞ்சு காயின். ரெண்டாயிரம் ஆச்சுன்னா நாலாயிரத்து எழுநூத்தம்பதுதான். முன்னூத்து எண்பத்தஞ்சு காயின் மிச்சம் அக்கா. கூரையே மாத்திடலாம்.”

முன்னூற்று எண்பத்தைந்து காயின் என்றால் அவளுக்கு ஒரு மாதத்துக்கும் மேலான சேமிப்பு. முப்பது நாள் முதுகு குனிவது. இன்றைக்குக் கொடுத்துவிட்டு நாளைக்கு ரெண்டாயிரம் ஆனால் அந்த முப்பது நாளைத் தானே குப்பையில் போட்டது போல. பயம் அங்கேதான் தொடங்கியது. அது இழப்பைப் பற்றிய பயம் இல்லை, வராத லாபம் கைவிட்டுப் போகுமோ என்ற பயம்.

“சரி, நாலு நாள் பாப்போம்,” என்றாள்.

மறுநாள் 1,880. அதற்கு மறுநாள் காலை எண் வரவில்லை. மதியம்தான் வந்தது. 1,720.

“வேற ஒண்ணுமில்ல,” என்று நோசா குரல் பதிவு அனுப்பினான். “நைரா கொஞ்சம் மூச்சு வாங்குது. ஓடுறவன் நிக்கிறதில்லையா?”

மார்ச் பிறந்தபோது 1,600. எண்பத்தெட்டு லட்சத்து எண்பதாயிரம். வீட்டுக்கு ஆறு லட்சத்து இருபதாயிரம் குறைவு. அந்த ஆறு லட்சத்தை இசோக்கென் எங்காவது புரட்டியிருக்க முடியும். ஆனால் 1,880ஐப் பார்த்த கண் 1,600க்கு விற்க மறுத்தது. இந்த விலைக்கு விற்றால் அந்தக் குறைவு உண்மையாகிவிடும், விற்காத வரைக்கும் அது வெறும் எண்தான் என்று நினைத்தாள். கையுறைக்குள் இருக்கிற வரைக்கும் யாருக்குத் தெரியும்?

சாப்பாட்டு அறையில் ரூடோ அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். ரூடோ ஜிம்பாப்வேக்காரி. அவளுக்கும் இசோக்கென் வயதுதான். வாய் மட்டும் இரண்டு மடங்கு.

“என்னடி இது, தினமும் கையில ஒரு நம்பர்? கள்ளப் புருஷன் போன் நம்பரா? நாலு எழுத்துதான் இருக்கு, மீதியை அவன் கையில எழுதியிருக்கியா?”

இசோக்கென் சொன்னாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது.

ரூடோ பிளாஸ்டிக் முள்கரண்டியை மேசையில் வைத்தாள். “போன மாசம் எத்தனை காயின் வச்சிருந்த?”

“ஐயாயிரத்து ஐந்நூத்தம்பது. வண்டிக்குக் குடுத்தது போக.”

“இன்னிக்கு?”

“அதேதான்.”

“அப்ப எதுடி போச்சு? எங்க ஊர்ல என் அத்தைகிட்ட லட்சம் கோடி இருந்துச்சு. நோட்டுலயே அச்சடிச்சிருந்தான். அதைக் குடுத்து ஒரு முட்டை வாங்க முடியல. அவளும் தினம் எண்ணுவா, கூடியிருக்கு கூடியிருக்குன்னு.”

“உனக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கு வீட்டு விலை நைராவுல.”

“அப்பன்னா நைராவுல எண்ணணும். எடுத்து வச்சிருக்கணும். நீ ஏறும்போது நைராவுல எண்ணுற, காத்திருக்கும்போது காயின்ல எண்ணுற. ரெண்டு தராசு வச்சிருக்கிற வியாபாரிகிட்ட நாங்க வாங்கவே மாட்டோம்.” சொல்லிவிட்டு ரூடோ அவள் தட்டிலிருந்து ஒரு வறுத்த வாழைக்காய்த் துண்டை எடுத்துக்கொண்டாள். “உப்பு கம்மி.”

இசோக்கென் கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குள் வேறு செய்திகள் வந்தன. காயின் விற்கிற பெரிய இணையச் சந்தையில் நைராவுக்கு வாங்கி விற்பதையே நிறுத்திவிட்டார்கள். உயி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, தெரிந்த ஆளுக்கு மட்டும் குனிந்து வரச் சொன்னான். இரண்டு கடை தள்ளி இருந்தவனைக் கூட்டிப்போய்விட்டார்கள். கேகேயின் என்ஜின் இரண்டாம் வாரமே இறுகிப்போய், மெக்கானிக் கொட்டகையில் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. நோசா அதைச் சொன்ன குரலில் பழைய ஜோர் இல்லை.

மார்ச் இருபதையொட்டி 1,450. எண்பது லட்சத்து நாற்பத்தேழாயிரம்.

அன்று அவள் இல்லத்தில் இருந்த கோவால்ச்சுக் என்ற கிழவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தாள். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், தொண்ணூறு வயது. கழுத்துத் தோல் துணி போல மடியும். இடது கையால் இழுத்துப் பிடித்து வலது கையால் கத்தியை ஓட்ட வேண்டும். பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. நோசா இரண்டு தடவை அனுப்பினால் இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைவு என்று அவளுக்குத் தெரியும். தொடையில் அந்த அதிர்வு நின்றபிறகும் அவள் கத்தியை ஓட்டவில்லை.

“பாதி முகத்துல நிறுத்திட்ட,” என்றார் கிழவர், கண்ணைத் திறக்காமல்.

“போன் சார்.”

“சத்தம் ஒண்ணும் கேக்கலையே.”

அவள் கத்தியைத் தண்ணீரில் வைத்தாள். கையுறைக்குள் வியர்வை ஊறி, மை கரைந்து, ரப்பருக்கு அடியில் நீலமாகப் பரவியிருந்தது. எண் என்னவென்று படிக்க முடியவில்லை. இன்றைக்கு அவள் ஏதும் எழுதாதது போலவும், எல்லாவற்றையும் எழுதிவிட்டது போலவும் இருந்தது.

இப்போது விற்றாலும் போதாது. விற்காவிட்டால் இன்னும் போதாது. விற்ற மறுநாள் 1,800 ஆனால்? அந்த ஒரு கேள்விதான் அவளைக் கட்டிப்போட்டது. சம்பள முன்பணம் கேட்டாள். அலுவலகத்தில் முடியாது என்றார்கள். வங்கியில் கடன் கேட்டாள், இங்கே வந்து போதிய நாள் ஆகவில்லை என்றார்கள். ரூடோ கோபத்தை மறந்து நானூறு டாலர் கொடுக்க வந்தாள். “வேண்டாம்டி. இதை வச்சுக் கிணத்தை மூட முடியாது,” என்று இசோக்கென் திருப்பிக் கொடுத்தாள்.

பெரிய வியாழனுக்கு முந்தைய நாள் அம்மா பேசினாள். அம்மா எப்போதும் கத்திப் பேசுவாள், கனடா தூரம் என்பதால். அன்று மெதுவாகப் பேசினாள்.

“அந்த அசாபாக்காரன் வந்து அளந்துட்டுப் போனான்டி. என் மிஷின் இருக்கிற இடத்துல நின்னு, இந்தச் சுவரை இடிச்சுக் கடை வைக்கலாம்னு அவன் ஆளுகிட்ட சொல்றான். நான் ஊசில நூல் கோத்துக்கிட்டே இருக்கேன், என்னைப் பாக்கவே இல்ல.”

“அம்மா, நாளைக்குக் குடுத்துடுவோம்.”

“இருக்கா?”

“குறையுதும்மா,” என்றாள் இசோக்கென். அம்மா “போன மாசம் இருக்குன்னியே?” என்று மட்டும் கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஒரு சாமானை எங்கே வைத்தோம் என்று தேடுகிற குரல்.

வியாழக்கிழமை விலை 1,300. கையில் ரொக்கமாகக் காட்டினால் சார் மனசு இரங்குவார், மிச்சத்துக்குத் தவணை கேட்கலாம் என்றான் நோசா. அவள் ஐயாயிரத்து ஐந்நூற்றைம்பதையும் உயிக்கு அனுப்பினாள். கணக்கு முடங்கிவிடுமோ என்று உயி பயந்து, மூன்று பேர் கணக்கிலிருந்து மூன்று துண்டாகப் போட்டான். ஒவ்வொரு துண்டும் வந்து விழுகிற வரைக்கும் அவள் துணிக்கிடங்கில், மடித்த விரிப்புகளுக்கு நடுவில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது விழ நாற்பது நிமிடம் ஆயிற்று. மொத்தம் எழுபத்திரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். குறைவு இருபத்திரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்.

நோசா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐக்பே சார் வீட்டுக்குப் போனான். போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். விரிப்புகளுக்கு நடுவில் நின்று இசோக்கென் கேட்டாள். துணி உரசுகிற சத்தம். நாற்காலி இழுபடுகிற சத்தம்.

“சார், எழுபத்திரண்டு இருக்கு. இப்பவே உங்க கணக்குல போடுறேன். மீதியை ரெண்டு மாசத்துல என் அக்கா...”

“நான் எவ்வளவு சொன்னேன்?”

“தொண்ணூத்தஞ்சு சார்.”

“எழுபத்திரண்டு தொண்ணூத்தஞ்சு ஆகுமாப்பா? உனக்கு நான் கணக்குச் சொல்லிக் குடுத்தவன்.”

“பதினாறு வருஷம் சார்,” என்றாள் அம்மா. “ஒரு மாச வாடகை நின்னதுண்டா? உங்க பொண்ணு ஒசாரியெமெக்கு முதல் யூனிபாரம் நான்தானே தைச்சேன்.”

ஐக்பே சார் இருமினார்.

“தெரியும்மா. அதனாலதான் உங்களுக்கு முதல்ல சொன்னேன். எனக்கும் ஒரு தேவை இருக்கு. குறைச்சு வாங்கினா அது முடியாது. எனக்கும் பயமா இருக்கும்மா. அந்த ஆள் நாளைக்குக் காலைல முழுசாத் தர்றான்.”

அதோடு முடிந்தது. இசோக்கென் போனை அணைத்தாள். கை கழுவினாள். புது உறை போட்டுக்கொண்டு பதினான்காம் அறைக்குப் போனாள். அங்கே ஆளைக் கூப்பிடும் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா ஏப்ரல் முதல் வாரத்தில் மாறினாள். நகரத்துக்கு வெளியே ஒற்றை அறை. ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்தாயிற்று, அது இசோக்கெனின் மார்ச் சம்பளம். மிஷினை வைக்க முன்னறை இல்லை. கட்டில் காலடியில் வைத்து, துணி வெட்டும்போது கட்டில்மேல் விரித்துக்கொண்டாள். பழைய தெருப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் வரவில்லை.

ஏப்ரல் நடுவில் நோசா பல வாரம் கழித்து உற்சாகமாகப் பேசினான்.

“அக்கா, இன்னிக்கு விலை ஆயிரத்து நூத்தம்பது! நம்மகிட்ட எழுபத்திரண்டு லட்சத்துப் பதினஞ்சாயிரம் நைராவா கிடக்குல்ல? இப்ப திருப்பி காயின் வாங்கினா எவ்வளவு தெரியுமா? ஆறாயிரத்து இருநூத்தி எழுபத்தி மூணு! எழுநூத்தி இருபத்தி மூணு காயின் லாபம்! வண்டிக்குக் குடுத்ததும் வந்துடுச்சு, அதுக்கு மேலயும் எழுபத்தி மூணு!”

அவள் மனக்கணக்கில் வகுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் சொன்னான். பிப்ரவரியில் வீடு பக்கத்தில் இருந்தபோது ஆறாயிரத்து இருநூறு. இப்போது வீடு இல்லை, ஆறாயிரத்து இருநூற்று எழுபத்து மூன்று. காயினில் எண்ணினால் லாபம்.

“அக்கா? இருக்கியா?”

“இருக்கேன். வாங்கிடு.”

“சந்தோஷமா சொல்லேன். லாபம்தானே?”

“ஆமாடா,” என்றாள். “லாபம்தான்.”

அதற்குப் பிறகு அவள் கையில் எழுதுவதை விட்டுவிட்டாள். ஆனால் கை கழுவிக் காகிதத்தால் ஒற்றியதும், பழக்க தோஷத்தில் அந்த இடத்தை வாயால் ஊதிவிட்டுத்தான் உறையை இழுப்பாள். ரூடோ அதைப் பார்த்திருக்கிறாள். கேலி செய்யவில்லை.

ஆகஸ்டில் வேறு வேலையாக உயியிடம் பேசும்போது, பேச்சுவாக்கில் அவன் சொன்னான்:

“நீங்க பெரிய வியாழன் அன்னிக்கு அனுப்பினீங்களே அக்கா, அந்தக் காயின் என் கையில ரெண்டு நாள்கூட நிக்கல. சனிக்கிழமை உங்க வீட்டுக்காரர் ஐக்பே சாரே வந்து வாங்கிட்டுப் போனாரு. அவர் பொண்ணு அமெரிக்காவுல படிக்குதுல்ல, ஒஹையோவுல, அதுக்கு ஃபீஸ். யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. அப்ப நிலைமை அப்படி. இப்ப என்ன, ஃபீஸ் கட்டியாச்சு. ஐயாயிரத்து ஐந்நூறு காயின், நீங்க அனுப்பினதுல அம்பதுதான் மிஞ்சுச்சு. அந்தத் தொகை எனக்கு அத்துப்படி. பிப்ரவரியில ஒரு திங்கக்கிழமை காலைலயே கடைக்கு வந்து விலை கேட்டாரு. ஆயிரத்து எழுநூத்தி இருபத்தேழுன்னேன். நின்ன இடத்துலயே என் பில் புக்குல பெருக்கிப் பாத்தாரு. தொண்ணூத்தி நாலு லட்சத்து தொண்ணூத்தி எட்டாயிரத்து ஐந்நூறு. ரவுண்டா தொண்ணூத்தஞ்சுன்னு அடியில கோடு போட்டுட்டு, அந்தத் தாளைக் கிழிச்சு எடுத்துக்கிட்டுப் போனாரு. வீட்டுக்கு அதைத்தான் விலை வச்சாருன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அப்புறம் விலை எவ்வளவோ இறங்கியும் மனுஷன் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டுப் பாக்கவே இல்ல. சனிக்கிழமை ஆயிரத்து முன்னூத்தி பத்துக்குக் குடுத்தேன். எழுபத்திரண்டு லட்சத்து அஞ்சாயிரத்துல வேலை முடிஞ்சுது. கையில இருபத்திரண்டு லட்சத்து தொண்ணூத்தஞ்சாயிரம் மிச்சம். ‘இதை என்னப்பா செய்யறது?’ன்னு என்னையே கேட்டுக்கிட்டு நின்னாரு.”